நீதிபதியை ‘ஐயா’ என்று கூப்பிடலாமா? அமைச்சருக்கும் செயலாளருக்கும் எழுதும்போது எது சரி?

கொளத்தூர் மகள் | 3 ஜூன், காலை

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்ய மறுக்கிறார், வழக்கு சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது. அடுத்த வாய்தாவில் அப்பா கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். வக்கீலின் ஜூனியர், “நீதிபதியை யுவர் ஆனர் என்று கூப்பிடச் சொல்லுங்கள்” என்கிறார். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாயில் நுழையாது. இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று ‘யுவர் ஆனர்’ சொல்லிப் பார்க்கிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. தமிழில் ‘ஐயா’ என்று சொன்னால் நீதிபதி தப்பாக எடுத்துக்கொள்வாரா?

இன்னொன்று. இதே வீட்டு விஷயமாக அமைச்சருக்கும் துறைச் செயலாளருக்கும் மனு அனுப்ப வேண்டும் என்கிறார். அதில் யாருக்கு மாண்புமிகு, யாருக்கு உயர்திரு?

சட்டக் கல்லூரி, இறுதியாண்டு | 3 ஜூன், காலை

‘மை லார்ட்’ எல்லாம் 2006லேயே பார் கவுன்சில் தடை செய்துவிட்டது. இனி யார் சொன்னாலும் விதிமீறல். எல்லா நீதிமன்றத்துக்கும் ‘யுவர் ஆனர்’ ஒன்றே போதும். அப்பா அதையே பழகட்டும்.

பாரிமுனைத் தட்டச்சு | 3 ஜூன், மதியம்

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே மனு தட்டச்சு செய்வதுதான் என் பிழைப்பு. அம்மா, உங்கள் அப்பா கண்ணாடி முன்னால் நிற்க வேண்டாம். ‘ஐயா’ போதும். நீதிபதி பெண்ணாக இருந்தால் ‘அம்மா’. இது சலுகையும் இல்லை, சமாளிப்பும் இல்லை, முழு மரியாதை.

தம்பி சொன்னதில் பாதி சரி. 2006இல் இந்திய பார் கவுன்சில் ஒரு விதி சேர்த்தது, மே மாதம் அது அரசிதழில் வந்தது. உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் ‘யுவர் ஆனர்’ அல்லது ‘ஆனரபிள் கோர்ட்’ என்று சொல்லலாம். கீழ் நிலை நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் ‘சார்’ அல்லது அந்தந்த மாநில மொழியில் அதற்கு இணையான சொல். ‘மை லார்ட்’, ‘யுவர் லார்ட்ஷிப்’ இரண்டும் காலனி ஆட்சியின் மிச்சம் என்று அதிலேயே விளக்கமும் போட்டார்கள்.

அந்த விதியை எழுத்துப்படி எடுத்துக்கொண்டால் சிறுவழக்குகள் நீதிமன்றத்துக்கு ‘யுவர் ஆனர்’ வரவே வராது, ‘ஐயா’தான் வரும். அதுவும் வக்கீல்களுக்கான விதி. சாட்சி சொல்ல வருகிறவரையும் கட்சிக்காரரையும் அது கட்டுப்படுத்தாது.

தடை என்பது சரியில்லை. ‘மை லார்ட்’ என்று சொல்வதற்கே தடை கேட்டு ஒரு மூத்த வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் போனார். 2014 ஜனவரியில் நீதியரசர்கள் எச்.எல். தத்து, எஸ்.ஏ. பாப்டே அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. இப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை, கண்ணியமாகக் கூப்பிட்டால் போதும் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

சட்டக் கல்லூரி, இறுதியாண்டு | 3 ஜூன், மாலை

சரி, தடை இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விதிப்படி உயர் நீதிமன்றத்தில் ‘யுவர் ஆனர்’ சரிதானே?

பாரிமுனைத் தட்டச்சு | 3 ஜூன், இரவு

விதிப்படி சரி. வழக்கப்படி பிசகு. நீங்கள் நாளைக்கு அங்கே நின்று பேசப்போகிறவர் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நடைமுறையில் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் சிட்டி சிவில் கோர்ட்டிலும்தான் வக்கீல்கள் ‘யுவர் ஆனர்’ சொல்கிறார்கள். அதே வளாகத்தில் உயர் நீதிமன்ற அறைக்குள் போனால் ‘மை லார்ட்’, ‘யுவர் லார்ட்ஷிப்’. இரண்டு நீதிபதிகள் அமர்ந்தால் ‘மை லார்ட்ஸ்’. 2021இல் ஒரு சட்ட மாணவர் உச்ச நீதிமன்றத்தில் ‘யுவர் ஆனர்’ என்று ஆரம்பித்தார். அப்போது தலைமை நீதிபதியாக இருந்த பாப்டே, உங்கள் மனதில் இருப்பது அமெரிக்க உச்ச நீதிமன்றமா, மாஜிஸ்திரேட்டா என்ற அர்த்தத்தில் கேட்டார். 2014 அமர்வில் இருந்த அதே பாப்டேதான். மாணவரின் மனு ‘யுவர் ஆனர்’ என்பதற்காகத் தோற்றுவிடாது. ஆனால் வாதம் ஆரம்பிக்கும்போதே கவனம் வேறு பக்கம் போய்விடும்.

நம்ம ஊரிலேயே வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. நீதியரசர் கே. சந்துரு 2009இல் தன் நீதிமன்றத்தில் தன்னை ‘மை லார்ட்’ என்று கூப்பிட வேண்டாம் என்று வக்கீல்களைக் கேட்டுக்கொண்டார். ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் 2019இல் நீதிபதிகள் அத்தனை பேரும் கூடி அப்படியே தீர்மானம் போட்டார்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் மனது. கோர்ட் அறையில் ஒரு ஏழைக் கட்சிக்காரர் தன் வக்கீல் ‘பிரபு’ என்று யாரையோ கூப்பிடுவதைக் கேட்டால், தான் உரிமை கேட்டு வந்தோமா தயவு கேட்டு வந்தோமா என்று குழம்பித்தானே போவார்? ஆனாலும் சென்னையில் இன்றைக்கும் பத்து வக்கீல் பேசினால் அநேகமாகப் பத்து பேரும் ‘மிலாட்’தான்.

ஒரு நுணுக்கம் கவனியுங்கள். ‘யுவர் லார்ட்ஷிப்’ என்று சொன்னால் வாக்கியமே மாறும், ‘நீங்கள்’ என்பது காணாமல் போய்விடும். “யுவர் லார்ட்ஷிப் மே கைன்ட்லி சீ பேஜ் டென்” என்பார்கள், “யூ சீ” வராது. தடுமாறும் ஜூனியர்கள் அநேகமாகத் தடுமாறுவது இங்கேதான். முதல் வரியில் மை லார்ட், மூன்றாம் வரியில் ‘யூ’.

அம்பத்தூர் அண்ணாச்சி | 4 ஜூன், காலை

எங்கள் சங்கக் கட்டடத் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்கிறோம். அமைச்சர், முன்னாள் அமைச்சர் ஒருவர், எம்.எல்.ஏ., கவுன்சிலர், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வருகிறார்கள். எல்லாருக்கும் மாண்புமிகு போட்டுவிடலாமா? விட்டுப்போனால் சண்டை வரும்.

கொளத்தூர் மகள் | 4 ஜூன், காலை

அண்ணாச்சி, இது எங்கள் வழக்கைப் பற்றிய இழை. ஆனாலும் பதில் வந்தால் எனக்கும் உதவும்.

கோட்டை ஓய்வு | 4 ஜூன், மதியம்

தலைமைச் செயலகத்தில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். கோர்ட் பேச்சு எனக்குத் தெரியாது, கடிதம் தெரியும்.

மாண்புமிகு என்பது வகிக்கும் பதவிக்கு. முதலமைச்சர், அமைச்சர், பேரவைத் தலைவர், சட்டமன்ற உறுப்பினர் ஆகியோருக்கு வரும். பதவி போனால் மாண்புமிகுவும் போகும், ‘முன்னாள் அமைச்சர் திரு.’ என்று போட்டால் போதும். அவர் வருத்தப்பட்டால் நீங்களே பேசிச் சரிக்கட்டிக்கொள்ளுங்கள். நீதிபதிகளுக்கு ‘மாண்பமை’ என்பது பொதுவான வழக்கம். ஓய்வுபெற்ற நீதிபதியை ‘நீதியரசர் (ஓய்வு)’ என்று போடுவார்கள்.

ஐ.ஏ.எஸ். அதிகாரி எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், தலைமைச் செயலாளரே ஆனாலும், மாண்புமிகு கிடையாது. பெயருக்கு முன்னால் திரு., பெயருக்குப் பின்னால் இ.ஆ.ப. அவ்வளவே. காவல் அதிகாரிக்கு இ.கா.ப. ‘உயர்திரு’ போடுவது தப்பில்லை, ஆனால் அலுவலகக் கடிதத்தில் நாங்கள் போட்டதில்லை.

அந்தப் பெண் கேட்டதற்கு வருகிறேன். செயலாளருக்கு உறை மேல் இப்படி எழுதுங்கள்:

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை - 600 009.

பெயர் வேண்டாம். பெயர் போட்டு எழுதினால் அது அவருக்கான சொந்தக் கடிதம் என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு. அவர் வேறு துறைக்கு மாறிப்போயிருந்தால் கடிதமும் அவர் பின்னாலேயே போய், திரும்பிவர நாளாகும். பதவியை எழுதினால் நாற்காலியில் யார் இருந்தாலும் தபால் பிரிவு அந்தத் துறைக்கே அனுப்பும். அவர் முதன்மைச் செயலாளரா, கூடுதல் தலைமைச் செயலாளரா என்று தெரியாவிட்டால் ‘அரசுச் செயலாளர்’ போதும், மனு போகிற இடம் ஒன்றுதான்.

விளி ‘ஐயா,’ அல்லது ‘அம்மையீர்,’. யார் என்று தெரியாதபோது ‘ஐயா / அம்மையீர்,’. முடிவில் ‘தங்கள் நம்பிக்கையுள்ள’. இங்கிலீஷில் எழுதினால் ‘சார்’, ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அதற்காக யாரும் மனுவைத் திருப்பியதில்லை. ஆனாலும் என் கண்ணுக்கு வெறும் ‘சார்’தான் சுத்தம்.

அமைச்சருக்கு ‘மாண்புமிகு வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை அமைச்சர் அவர்கள்’. பெயரும் வேண்டுமென்றால் ‘அமைச்சர் திரு. இன்னார் அவர்கள்’ என்று பதவிக்குப் பின்னால். ஒரு தடவை மாண்புமிகு, ஒரு தடவை அவர்கள். பிறகு மனு முழுக்கத் ‘தாங்கள்’ போதும். வரிக்கு வரி மாண்புமிகு போட்டால், படிக்கிற பிரிவு உதவியாளர் கோரிக்கை எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

சட்டக் கல்லூரி, இறுதியாண்டு | 4 ஜூன், மாலை

ஆளுநருக்கு ‘மேதகு’ இப்போதும் உண்டா?

கோட்டை ஓய்வு | 4 ஜூன், இரவு

2012இல் பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவராக இருந்தபோது ‘எக்ஸலன்ஸி’யை உள்நாட்டில் விட்டுவிட்டு ‘ஆனரபிள்’ போதும் என்று ஆக்கினார், ஆளுநர்களுக்கும் சேர்த்து. வெளிநாட்டுப் பிரமுகர்களோடு சம்பந்தப்பட்ட இடங்களில் மட்டும் பழையது. அந்தக் கணக்கில் ‘மாண்புமிகு ஆளுநர்’ சரி. ‘மேதகு’ போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பாரிமுனைத் தட்டச்சு | 5 ஜூன், காலை

கோட்டை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கோட்டைக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் நடந்துபோகிற தூரம்தான். ஆனால் இரண்டு இடத்திலும் இங்கிலீஷ் வேறு வேறு. 1967க்கு அப்புறம் அண்ணா ஆட்சியில் ‘ஸ்ரீ’ போய்த் ‘திரு’ வந்தது. அதனால் இன்றைக்கும் கோட்டையிலிருந்து வரும் இங்கிலீஷ் கடிதத்தில்கூட ‘திரு’, ‘திருமதி’தான், மிஸ்டர் இல்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் புரட்டினால் மேலே ‘தி ஆனரபிள் மிஸ்டர் ஜஸ்டிஸ்’ என்று இருக்கும், வக்கீல் பெயருக்கு முன்னாலும் மிஸ்டர். ஊர் பெயர் 1996இல் சென்னை ஆகிவிட்டது, ஆனால் இங்கிலீஷ் மனுவின் தலைப்பில் இன்னும் ‘ஹை கோர்ட் ஆஃப் ஜூடிகேச்சர் அட் மெட்ராஸ்’. ‘அட் சென்னை’ என்று அடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் மாற்றித்தான் கொடுக்கிறேன். தமிழில் எழுதினால் சென்னை உயர் நீதிமன்றம் என்பதில் குழப்பமே இல்லை.

பாரிமுனைத் தட்டச்சு | 5 ஜூன், மதியம்

தமிழ் மனு பற்றி நேற்றே சொல்லியிருக்க வேண்டும். கீழ் நீதிமன்றங்களில் தமிழில் தாக்கல் செய்யலாம். உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பு 348ஆம் பிரிவுப்படி இங்கிலீஷ். அதைத் தமிழாக்க வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் நடக்கவில்லை.

தமிழ் மனுவில் இரண்டு பாணி உண்டு. பழைய குமாஸ்தாக்கள் எழுதிக்கொடுத்தது ‘கனம் கோர்ட்டார் அவர்கள்’. காங்கிரஸ் காலத்து அழைப்பிதழ்களில் அமைச்சரும் ‘கனம்’தான். அங்கே அது போய் மாண்புமிகு வந்தது, கோர்ட் மனுவில் மட்டும் கனம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. புதிய பாணி ‘மாண்பமை நீதிமன்றம்’. இரண்டும் செல்லும். ஆனால் ஒன்றைப் பிடித்தால் கடைசி வரை அதையே பிடிக்க வேண்டும். கோர்ட்டார் என்பது ஆட்கள் மாதிரி, அதனால் “கனம் கோர்ட்டார் அவர்கள் உத்தரவிடும்படி பிரார்த்திக்கிறேன்” சரி. நீதிமன்றம் அஃறிணை, “மாண்பமை நீதிமன்றம் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன்” சரி. என்னிடம் திருத்தத்துக்கு வருகிற தாள்களில் பாதிக்கு மேல் ‘மாண்பமை நீதிமன்றம் அவர்கள்’ என்று இருக்கிறது. மரியாதையைக் கூட்டுகிறோம் என்று நினைத்து இலக்கணத்தைக் கெடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மேல்முறையீட்டில் கீழ்க் கோர்ட் தீர்ப்பு தப்பு என்று சொல்லத்தான் போகிறோம். அப்போதும் “கற்றறிந்த விசாரணை நீதிமன்ற நீதிபதி இந்த ஆவணத்தைக் கவனிக்கத் தவறிவிட்டார்” என்றுதான் எழுதுவோம். தவறு என்று சொல்கிற வாக்கியத்திலேயே ‘கற்றறிந்த’வும் வரும். ‘கீழ்க் கோர்ட்’ என்று நானே மேலே எழுதிவிட்டேன், வாய்ப்பேச்சுக்குச் சரி. மனுவில் ‘விசாரணை நீதிமன்றம்’ என்று எழுதுவதே நல்லது. 2024இல் உச்ச நீதிமன்றமும் தன் பதிவகத்துக்கு அதையேதான் சொன்னது.

அம்பத்தூர் அண்ணாச்சி | 5 ஜூன், மாலை

கவுன்சிலருக்கு என்ன போடுவது என்று யாரும் சொல்லவில்லை.

கோட்டை ஓய்வு | 5 ஜூன், மாலை

‘மாமன்ற உறுப்பினர் திரு.’ போடுங்கள். போதும்.

கொளத்தூர் மகள் | 6 ஜூன், காலை

அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கண்ணாடிப் பக்கம் போவதை விட்டுவிட்டார். ஆனால் புதுச் சந்தேகம். எதிர்க்கட்சி வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். அவரையும் ஐயா என்று சொல்வதா? “கனம் நீதிபதி அவர்களே” என்று ஆரம்பிக்கட்டுமா என்றும் கேட்கிறார்.

பாரிமுனைத் தட்டச்சு | 6 ஜூன், இரவு

அந்தக் ‘கனம் நீதிபதி அவர்களே’ சினிமாவில் கேட்பது. நிஜக் கோர்ட்டில் சாட்சி யாரும் அப்படி ஆரம்பிப்பதில்லை.

குறுக்கு விசாரணை பற்றிய கேள்விதான் முக்கியம். வக்கீலையும் ஐயா, நீதிபதியையும் ஐயா என்றால் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது குழம்பும். நான் கண்ணால் பார்த்த ஒன்று. வக்கீல் கேட்டார், “2018இல் வாடகையை உயர்த்தினீர்களா?” பெரியவர் வக்கீலைப் பார்த்து “இல்லைங்க ஐயா” என்றார். அதே நேரம் நீதிபதி, “ரசீது இருக்கிறதா?” என்று இடையில் கேட்டிருந்தார். அந்த ‘இல்லை’ எதற்கு என்பதில் இரண்டு வக்கீலும் எழுந்துவிட்டார்கள். நீதிபதி மறுபடி கேட்டு எழுத வைத்தார், அதனால் தப்பித்தது.

அப்பாவுக்கு இரண்டு விஷயம் சொல்லிக்கொடுங்கள். கேள்வி கேட்பது யாராக இருந்தாலும் பதிலை நீதிபதி பக்கம் திரும்பிச் சொல்லட்டும், ‘ஐயா’வை அவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். எதிர்க்கட்சி வக்கீலைக் குறிப்பிட வேண்டி வந்தால் ‘வக்கீல் சார்’ போதும். அப்புறம் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று மட்டும் நிறுத்தாமல், “வாடகையை உயர்த்தவில்லை ஐயா” என்று முழு வாக்கியமாகச் சொல்லட்டும். பதிவாகப் போவது அந்த வாக்கியம்தான்.

வாடகை ஒப்பந்தத்தைப் பதிய வாடகை அதிகாரியிடம் போனது ஞாபகம் இருக்கும், அவர் துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர், நீதிபதி இல்லை. அவர் முன்னால் வெறும் ‘சார்’ போதும்.

சட்டக் கல்லூரி, இறுதியாண்டு | 7 ஜூன், காலை

உயர் நீதிமன்றப் பெண் நீதிபதியை எப்படிக் கூப்பிடுவது? சிலர் ‘மை லேடி’, சிலர் அவருக்கும் ‘மை லார்ட்’. எங்கள் மாதிரி நீதிமன்றப் போட்டியில் இதற்காகவே வாக்குவாதம் வந்தது.

பாரிமுனைத் தட்டச்சு | 7 ஜூன், மதியம்

இரண்டையும் கேட்டிருக்கிறேன். ‘மை லேடி’, ‘யுவர் லேடிஷிப்’ பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. பதவிக்குத்தான் மரியாதை, அதனால் எல்லாருக்கும் லார்ட் என்கிற மூத்த வக்கீல்களும் இருக்கிறார்கள். விதியில் உள்ள ‘ஆனரபிள் கோர்ட்’ இருபாலுக்கும் பொருந்தும், ஆனால் அதை வாயால் சொல்கிறவர்கள் குறைவு. அந்த அறையில் மூத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பின்வரிசையில் உட்கார்ந்து பத்து நிமிடம் கேளுங்கள். போட்டியில் என்றால் நடத்துகிறவர்கள் தரும் விதியைப் பாருங்கள்.

கோட்டை ஓய்வு | 7 ஜூன், மதியம்

நான் ‘ஆனரபிள் கோர்ட்’ பக்கம். ஆண் பெண் என்று பிரிக்கவே வேண்டாம்.

கொளத்தூர் மகள் | 12 ஜூன், மாலை

இன்றைக்குப் போனோம். நீதிபதி விடுப்பு, வழக்கு அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது. அப்பா “ஒரு வாரமாகத் தயாராகி வந்தேனே” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாய்தாவில் பொறுப்பு நீதிபதி வருவார் என்கிறார்கள். மனுத் தலைப்பை மாற்ற வேண்டுமா? ஒத்திவைப்பு அதிகம் என்று நீதிபதிக்கே நேராகக் கடிதம் எழுதலாமா என்றும் அப்பா கேட்கிறார்.

பாரிமுனைத் தட்டச்சு | 12 ஜூன், இரவு

தலைப்பை மாற்ற வேண்டாம். மனு நீதிமன்றத்துக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது, அமர்கிற ஆளுக்கு இல்லை. பொறுப்பில் யார் வந்தாலும் அது அப்படியே நிற்கும்.

நீதிபதிக்கு நேராகக் கடிதம் கூடவே கூடாது, எவ்வளவு மரியாதையாக எழுதினாலும். நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி ஒரு தரப்பு தனியாக நீதிபதிக்கு எழுதுவது முறையில்லை, எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். வழக்கை முன்கூட்டி எடுக்க வேண்டும் என்றால், அப்பாவின் வயதைக் காரணம் காட்டி உங்கள் வக்கீல் ஒரு மனு போடட்டும். நகலை எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டு, திறந்த கோர்ட்டில் வாய்விட்டுக் கேட்கலாம். வயதுச் சான்றுக்கு ஆதார் நகல் ஒன்றை இப்போதே வக்கீலிடம் கொடுத்து வையுங்கள்.